இரண்டு பத்திக்காகப் பத்தொன்பதையும் படிப்பானேன்?

நியூயார்க் நகரின் மஞ்சள் டாக்சிகள் 2023 ஜனவரியில் ஓடிய சவாரிகளுக்கான அரசுக் கோப்பில் 30,66,766 பதிவுகள் இருக்கின்றன. பதிவு ஒன்றுக்கு 19 விவரங்கள். எப்போது ஏறினார்கள், எப்போது இறங்கினார்கள், எத்தனை பேர், எத்தனை மைல், எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு, கட்டணம் எவ்வளவு, ரொக்கமா கார்டா, டிப்ஸ் எவ்வளவு, சுங்கம் எவ்வளவு என்று அந்தப் பட்டியல் நீளும். நகரின் டாக்சி, லிமோசின் ஆணையம் இந்தக் கோப்புகளை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

இதில் ஒருவர் எளிய கேள்வி ஒன்றைக் கேட்கிறார். கார்டில் கட்டியவர்கள் சராசரியாக எவ்வளவு டிப்ஸ் தந்தார்கள், ரொக்கமாகக் கட்டியவர்கள் எவ்வளவு தந்தார்கள்? பதில் சொல்லத் தேவைப்படுவது 19 பத்திகளில் இரண்டே இரண்டு: `payment_type`, `tip_amount`. மற்ற 17 பத்திகளுக்கும் இந்தக் கேள்விக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, அந்தப் பதினேழையும் கணினி படித்தே தீர வேண்டியிருக்கலாம்.

வழக்கமான தரவுத்தளங்கள் தரவை வரிசை வரிசையாக வைக்கின்றன. ஒரு சவாரியின் 19 விவரங்களும் வட்டில் அடுத்தடுத்து இருக்கும். அது முடிந்ததும் அடுத்த சவாரியின் 19 விவரங்கள் தொடங்கும். இந்தக் கோப்பில் ஒன்றைத் தவிர எல்லாப் பத்திகளும் 8 பைட் எண்கள் அல்லது நேரங்கள். அந்த ஒன்று, ஒரே எழுத்தில் முடிந்துவிடும் ஆம், இல்லைக் குறி. ஆக, ஒரு சவாரிக்குச் சுமார் 145 பைட். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக ஒரு தலைப்புக் குறிப்பும் சேர்வதால், 8 கிலோபைட் கொண்ட ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 45 சவாரிகள் அடங்கும். மாதம் முழுவதற்கும் 68,000 பக்கங்களுக்கு மேல் ஆகும். அதாவது 50 கோடி பைட்டைத் தாண்டும்.

வேண்டாத பத்திகளைத் தாண்டிப் போக முடியாதா? முடியாது. தரவுத்தளம் வட்டிலிருந்து எடுப்பது பக்கம் பக்கமாகத்தான். அந்த 45 சவாரிகளின் டிப்ஸ் தொகையும் ஒரே பக்கத்தில் சிதறிக் கிடப்பதால், பக்கம் முழுவதும் நினைவகத்துக்கு வந்தாக வேண்டும். வந்த பிறகு சவாரிக்கு 16 பைட்டை எடுத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடலாம். ஆனால் படித்த செலவு படித்ததுதான்.

இன்டெக்ஸ் போட்டால் தீராதா என்று தரவுத்தளம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இன்டெக்ஸ் உதவுவது, லட்சக்கணக்கான வரிசைகளில் நாலைந்தைத் தேடிப் பிடிப்பதற்கு. இங்கே 30 லட்சம் சவாரிகளும் கணக்கில் வர வேண்டும், தேடுவதற்கு ஒன்றுமில்லை. இந்த இரண்டு பத்திகளையும் சேர்த்தே ஓர் இன்டெக்ஸ் போட்டால், கணினி அதை மட்டும் படித்துப் பதில் சொல்லிவிடலாம் என்பது உண்மை. ஆனால் நாளைக்கு வேறொருவர் சுங்கத்தையும் தூரத்தையும் கேட்டால் அதற்கு வேறோர் இன்டெக்ஸ் வேண்டும். யோசித்துப் பார்த்தால், அந்த இன்டெக்ஸ் என்பது வேண்டிய பத்திகளை மட்டும் தனியே பிரதி எடுத்து வைப்பதுதான்.

அப்படியானால் எல்லாப் பத்திகளையும் முதலிலேயே தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டால் என்ன?

பத்தி முறைச் சேமிப்பு செய்வது அதைத்தான். 30 லட்சம் சவாரிகளின் டிப்ஸ் தொகைகள் ஓரிடத்தில் தொடர்ச்சியாக இருக்கும். கட்டண முறைகள் இன்னோரிடத்தில் தொடர்ச்சியாக இருக்கும். டிப்ஸ் கேள்வி வந்தால் இரண்டு பத்திகளை மட்டும் திறந்தால் போதும். சவாரிக்கு 145 பைட் படித்த இடத்தில் 16 பைட். மாதம் முழுவதற்கும் சுமார் 49 மெகாபைட். எந்தச் சுருக்கமும் செய்யாமலேயே வேலை ஒன்பதில் ஒரு பங்காகிவிட்டது.

பிரித்து வைத்ததை மறுபடி எப்படிப் பொருத்துவது என்பதுதான் இதில் சிக்கலான இடம். 1985-இல் ஜார்ஜ் கோப்லண்ட், செட்ராக் கோஷாஃபியன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த யோசனையை முன்வைத்தபோது, ஒவ்வொரு மதிப்பின் பக்கத்திலும் அது எந்த வரிசையைச் சேர்ந்தது என்ற அடையாள எண்ணையும் எழுதி வைத்தார்கள். பொருத்துவது எளிதானது, ஆனால் இடம் பெருகியது. 2005-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் கூட்டாளிகளும் வெளியிட்ட சி-ஸ்டோர் ஆய்வில் மதிப்பு இருக்கும் இடமே அடையாளமாக இருந்தது. டிப்ஸ் பத்தியின் 5,000-ஆவது மதிப்பும் கட்டண முறைப் பத்தியின் 5,000-ஆவது மதிப்பும் ஒரே சவாரியைச் சேர்ந்தவை, தனியாக எண் எதற்கு? போஸ்ட்கிரெஸ் என்ற வரிசைமுறைத் தரவுத்தளத்தைத் தொடங்கி வைத்தவரும் இதே ஸ்டோன்பிரேக்கர்தான்.

பிரித்து வைத்ததில் இன்னொரு லாபமும் கிடைக்கிறது. ஒரே வகை மதிப்புகள் அருகருகே வரும்போது நன்றாகச் சுருங்குகின்றன. `payment_type` பத்தியைப் பாருங்கள். 1 என்றால் கார்டு, 2 என்றால் ரொக்கம், 3 என்றால் கட்டணமில்லை, 4 என்றால் தகராறு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய மதிப்புகள்தான் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 8 பைட் ஒதுக்குவது வீண். எட்டு வேறு மதிப்புகள் வரை இருந்தால் ஒவ்வொன்றையும் 3 பிட்டில் எழுதிவிடலாம். எந்தக் குறி எந்த மதிப்பு என்று ஒரு சிறு அகராதியை முன்னால் வைத்துக்கொண்டால் போதும். சுமார் 2.45 கோடி பைட் பிடித்த பத்தி 11.5 லட்சம் பைட்டில் அடங்கிவிடும். போக்குவரத்து வரியான `mta_tax` பெரும்பாலான சவாரிகளில் 50 சென்ட் என்பதால், அதே மதிப்பு இத்தனை முறை தொடர்கிறது என்று எழுதினாலே நெடுந்தூரம் போய்விடலாம். நேரப் பத்திகள் இவ்வளவு இணங்குவதில்லை. அவை வினாடி வரை வேறுபடுவதால் குறைவாகவே சுருங்குகின்றன.

வரிசை முறையில் ஒரு நேரம், அடுத்து ஒரு தூரம், அடுத்து ஒரு பகுதி எண் என்று வெவ்வேறு வகைகள் கலந்து கிடப்பதால் இத்தகைய சுருக்கம் எளிதில் வாய்ப்பதில்லை. ஆணையம் 2022 மே மாதத்தில் சி.எஸ்.வி. என்ற உரைக் கோப்பு முறையை விட்டு பார்க்கே என்ற பத்தி முறைக்கு மாறியது. சுருக்காமல் வைத்தால் சுமார் 445 மெகாபைட் ஆகும் ஜனவரித் தரவு, பார்க்கே கோப்பில் 48 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடுகிறது. டிப்ஸ் கேள்விக்கு அதிலும் இரண்டு பத்திகளின் பங்கைத்தான் படிக்க வேண்டும்.

மூன்றாவது லாபம் தேதி கேட்கும் கேள்விகளில் கிடைக்கிறது. பத்தி முறைத் தரவுத்தளங்கள் சவாரிகளைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு பத்தியின் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்பைக் குறித்து வைக்கின்றன. டக்டிபி என்ற இலவசத் தரவுத்தளத்தில் ஒரு குழுவுக்கு 1,22,880 வரிசைகள். ஆக, ஜனவரி மாதம் 25 குழுக்களாகும். ஜனவரி 10-ஆம் தேதிச் சவாரிகள் மட்டும் வேண்டுமென்றால், அந்தத் தேதி எந்தக் குழுக்களின் எல்லைக்குள் வருகிறது என்று குறிப்பைப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் திறக்காமலே விட்டுவிடலாம். ஏறிய நேரப்படி வரிசைப்படுத்தி ஏற்றியிருந்தால், ஒன்றிரண்டு குழுக்களைத் திறந்தாலே போதும்.

இந்த வித்தை தரவின் ஒழுங்கை நம்பியிருக்கிறது. அது குலைந்தால் வித்தையும் குலையும். இந்த ஜனவரி 2023 கோப்பில் 2008 டிசம்பர் 31 என்று தேதியிட்ட பதிவு ஒன்று இருக்கிறது. மீட்டரின் கடிகாரம் தவறியிருக்கலாம். வரிசைப்படுத்தாமல் ஏற்றி, அந்தப் பதிவு ஜனவரி 20-ஆம் தேதிச் சவாரிகளுள்ள குழுவில் விழுந்தால், அந்தக் குழுவின் எல்லை 2008-இலிருந்து 2023 ஜனவரி 20 வரை விரிந்துவிடும். ஜனவரி 10 அதற்குள் வருவதால் அந்தக் குழுவையும் வீணாகத் திறக்க வேண்டும். 20 மைலுக்கு மேல் போன சவாரிகள் எவை என்று கேட்டாலோ அநேகமாக ஒரு குழுவையும் தவிர்க்க முடியாது. நேரப்படி அடுக்கிய தரவில் நீண்ட சவாரி எல்லாக் குழுவிலும் ஒன்றாவது இருக்கும்.

எழுதும்போதுதான் பத்தி முறை திணறும். புதிய சவாரி ஒன்றைச் சேர்க்க வரிசை முறையில் ஓரிடத்தில் எழுதினால் போதும், இங்கே 19 இடங்களைத் தொட வேண்டும். சுருக்கி வைத்த பத்தியின் நடுவில் ஒரு மதிப்பைத் திருத்தவும் முடியாது. பார்க்கே கோப்பு என்றால் புதிதாக எழுதியாக வேண்டும். அதனால்தான் இத்தகைய தரவுத்தளங்கள் புதிய பதிவுகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக ஏற்றச் சொல்கின்றன. ஒரே ஒரு சவாரியின் எல்லா விவரங்களையும் கேட்பதும் இங்கே வீண் அலைச்சல். பயணி ஒருவர் புகார் செய்கிறார், அவருடைய சவாரியை எடுத்துக் காட்ட வேண்டும் என்றால் வரிசை முறையே மேல். இன்டெக்ஸ் வழியாக ஒரு பக்கத்தைத் திறந்தால் 19 விவரங்களும் அங்கேயே இருக்கும்.

டிப்ஸ் கேள்வியைச் செய்து பார்க்க விரும்புபவர்கள் டக்டிபியை நிறுவி, கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு இதை ஓட்டலாம்:

```sql
SELECT payment_type, avg(tip_amount)
FROM 'yellow_tripdata_2023-01.parquet'
GROUP BY payment_type;
```

ரொக்கத்துக்கு எதிரே கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். ரொக்கமாகக் கட்டியவர்கள் கஞ்சர்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கையில் கொடுத்த டிப்ஸை ஆணையம் பதிவதில்லை, கார்டில் தந்ததைத்தான் பதிகிறது. எந்தப் பத்தி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதையும் அதே கோப்பிடம் கேட்கலாம்:

```sql
SELECT path_in_schema, sum(total_compressed_size)
FROM parquet_metadata('yellow_tripdata_2023-01.parquet')
GROUP BY path_in_schema;
```

கூகுளின் பிக்குவெரி போன்ற வாடகைச் சேவைகளைப் பயன்படுத்துவோருக்கு இது பணப் பிரச்சினையும்கூட. அங்கே படித்த பைட்டுக்கு ஏற்பக் கட்டணம் வசூலிக்கும் முறை உண்டு. கேள்வியை ஓட்டும் முன்பே எவ்வளவு படிக்கப்படும் என்று திரையில் காட்டுவார்கள். `SELECT *` என்று எழுதி, பத்து வரிசை மட்டும் போதும் என்று கடைசியில் `LIMIT 10` சேர்த்தாலும் சாதாரண அட்டவணையில் அந்த எண் குறையாது. எல்லாப் பத்திகளுக்கும் முழுக் கட்டணமே வரும். வேண்டிய பத்திகளின் பெயரை மட்டும் எழுதுங்கள், அந்த எண் உடனே இறங்குவது தெரியும்.