குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும்போது என்ன பாட்டு பாடுவது? வீட்டிலேயே கட்டலாம், மோனை இருந்தால் போதும்!

தேதி குறிச்சாச்சு, வெள்ளிக் கிண்ணமும் வாங்கியாச்சு. "சோறு ஊட்டும்போது யாராவது ஒரு பாட்டு பாடுங்களேன்" என்று கேட்டதும் கூடம் அமைதியாகிவிடும். பாட்டிக்கு முதல் அடி மட்டும் நினைவிருக்கும். சித்தி உடனே யூடியூபைத் திறப்பார்.

தேடினாலும் கிடைப்பது கடினம். காரணம், சோறூட்டுக்கு என்று தமிழ்நாடு முழுக்கப் பொதுவான ஒரே பாட்டு கிடையாது. குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழின் வழக்கமான பத்துப் பருவங்களிலும் சோறூட்டுக்குத் தனி இடம் இல்லை. சில வீடுகளில் லாலி, மங்களம் பாடுவார்கள். பல வீடுகளில் தாலாட்டு மெட்டையே கொஞ்சம் வேகமாக்கி, கைதட்டிப் பாடிவிடுவார்கள். சொற்களை அந்த வீடுதான் போட்டுக்கொள்ளும்.

தாலாட்டிலேயே இதற்கான வழி இருக்கிறது. மாமன், அத்தை, பாட்டி என்று ஒவ்வொரு உறவாக அழைத்து, அடிக்கு ஓர் ஆள் என நகரும் பாட்டு அது. சோறூட்டுக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். அடியின் முதல் பாதியில் அந்த உறவுக்காரர் குழந்தைக்குச் செய்தது, இரண்டாம் பாதியில் அவர் சொல்லும் வாழ்த்து. இரண்டு பாதியும் ஒரே எழுத்திலோ அதன் இன எழுத்திலோ தொடங்கினால் காதுக்கு நன்றாக இருக்கும். பள்ளியில் படித்த மோனைதான். ஒரு வீட்டுக்கு இப்படிக் கட்டிப் பார்ப்போம்:

பாட்டி குழைச்ச சோறாம், பல்லு ரெண்டு முளைக்கணும்
தாத்தா மடி மெத்தையாம், தரையில் காலை ஊணணும்
மாமன் தந்த கிண்ணமாம், மறுசோறு கேட்கணும்
அத்தை வேகவச்ச பருப்பாம், அழாம நீ உண்ணணும்
சித்தி தைச்ச சட்டையாம், சிந்தாம உண்ணணும்

ஒவ்வொரு அடிக்கும் பிறகு எல்லோரும் சேர்ந்து: "உண்ணு கண்ணே உண்ணு, உண்ட சோறு செரிக்கணும்!"

வாழ்த்து சின்னதாக இருப்பதைக் கவனியுங்கள். கலெக்டர் ஆகணும், அமெரிக்கா போகணும் என்று ஆரம்பித்தால் பாட்டு இழுக்கும். ஆறு மாதக் குழந்தைக்கு அடுத்து நடக்கப்போவது பல் முளைப்பதும் கால் ஊன்றுவதும்தான்.

இந்தப் பாட்டால் இன்னொரு லாபம் உண்டு. சோறூட்டில் வழக்கமாக வரும் தகராறு, வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வாய் ஊட்ட நினைப்பது. இருபது பேர், இருபது கை. அத்தனை வாயைக் குழந்தையின் வயிறும் தாங்காது. முதல் நாளில் இரண்டு மூன்று சின்ன ஸ்பூன் போதும். யாரையும் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, கோபித்துக்கொள்வார்கள். அதனால் ஊட்டுவது ஒருவர், கையை நன்றாகக் கழுவிய பாட்டியோ தாத்தாவோ. மற்றவர்களின் முறை பாட்டில் வரட்டும். தன் பெயரில் ஓர் அடி கிடைத்த அத்தை, ஸ்பூன் கிடைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டார்.

பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் என்று ஐந்தாம் மாதத்திலேயே நாள் குறிக்கும் வீடுகள் உண்டு. டாக்டர்கள் சொல்வது ஆறு மாதம் முடியட்டும் என்று. ஏழாம் மாதத்துக்குத் தள்ளினால் இரண்டு பேச்சையும் கேட்ட மாதிரி ஆயிற்று. தலை நிமிர்ந்து நிற்க வேண்டும், லேசாகப் பிடித்தால் உட்கார வேண்டும். ஸ்பூன் வாய்க்குப் போனதும் நாக்கால் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். சோறும் பருப்பும் கட்டியில்லாமல் குழைந்து, துளி நெய்யோடு இருக்கட்டும். உப்பு, சர்க்கரை வேண்டாம். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது. 'நாக்கில் ஒரு சொட்டு' என்று யார் கெஞ்சினாலும் விடாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, அந்த வயதுக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம்.

பாடும்போது ஊட்டாதீர்கள். வாயில் சோறு இருக்கையில் எல்லோரும் ஒன்றாகக் கைதட்டினால் குழந்தை திடுக்கிடும், அல்லது சிரிக்கும். இரண்டிலும் புரையேற வாய்ப்பு உண்டு. பாட்டி அடி முடிந்து, எல்லோரும் பாடி ஓய்ந்த பிறகு ஒரு வாய். விழுங்கியதும் தாத்தா அடி. மைக் வேண்டவே வேண்டாம். முகத்தைத் திருப்பினாலோ உதட்டை இறுக்கினாலோ அன்றைய சாப்பாடு முடிந்தது. மீதி அடிகளைச் சோறு இல்லாமலே பாடலாம்.

துபாய் சித்தப்பா வீடியோ காலில் வருகிறாரா? எல்லோரோடும் சேர்ந்து பாடச் சொல்லாதீர்கள். அவர் குரல் ஒரு நொடி பிந்தி வந்து தாளத்தையே கெடுத்துவிடும். அவர் அடியை அவர் மட்டும் பாடட்டும், மற்றவர்கள் பாடும்போது மியூட். அவருக்கும் சித்தியின் எழுத்துதான்: "சித்தப்பா அனுப்பின கொலுசாம், சிரிச்சு ஓடி வரணும்."