டியூபையும் படமெடுத்து அனுப்புங்கள்

டாக்டரின் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வருகிறது: தொடையில் சிவந்த தடிப்பு. கீழே "இது என்ன?" என்று மட்டும். ஓரம் மேடாகிச் செதில் உரிந்து, நடுப்பகுதி தெளிந்து வளையமாக இருந்தால் படர்தாமரை என்று ஊகிக்கலாம். ஆனால் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவியிருந்தால் அந்த வளையம் கலைந்துபோகும். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். படத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

அதனால் நல்ல டாக்டர் திருப்பிக் கேட்பார்: "எத்தனை நாளாக இருக்கிறது? வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு உண்டா? என்ன தடவினீர்கள்?" டியூபில் குளோபெட்டசால் என்றிருந்தால் சந்தேகம் வலுக்கும். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும்.

காய்ச்சலோடு, கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள் என்றால் கேள்விகளுக்கு நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட வேண்டும்.