சுண்ணாம்புக்கல் எந்தச் சூட்டில் பிரியும்?

பதினோராம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள், பாடப்புத்தக அட்டவணை ஒன்றைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தாள். "சித்தப்பா, சுண்ணாம்புக்கல் எந்த வெப்பநிலையில் சுண்ணாம்பாகும்னு கணக்கு. எனக்கு 9019 கெல்வின் வருது."

சூரியனின் மேற்பரப்பே சுமார் 5800 கெல்வின்தான். ஊர்க் காளவாயில் நடக்கிற வேலைக்கு அவ்வளவு சூடு வேண்டியதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தின் மடிப்பு நிழலில், சுட்ட சுண்ணாம்பின் (CaO) என்தால்பி 635.1 என்று தெரிந்தது. அதன் முன்னிருந்த கழித்தல் குறி நிழலில் மறைந்திருந்தது. தனிமங்கள் சேர்ந்து நிலையான சேர்மம் உருவாகும்போது பெரும்பாலும் வெப்பம் வெளியேறும். ஆகவே அந்த வரிசையில் நேர்க்குறி தென்பட்டால் மூலப் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும்.

குறியைத் திருத்தினோம். விளைபொருள்களின் கூட்டுத்தொகையிலிருந்து கல்லின் மதிப்பைக் கழிக்க வேண்டும்:

ΔH = (−635.1 − 393.5) − (−1206.9) = +178.3 kJ
ΔS = (39.8 + 213.7) − 92.9 = +160.6 J/K

ΔH நேர்க்குறி என்றால், கல்லைப் பிரிக்க வெப்பம் கொடுத்தாக வேண்டும். ΔS நேர்க்குறி என்றால், பிரிந்த பிறகு ஒழுங்கின்மை கூடுகிறது. திடக்கல்லுக்குள் அடைபட்டிருந்த கார்பன் டை ஆக்சைடு வாயுவாகக் கிளம்புவதே அதற்குக் காரணம். முதலாவது வினையைத் தடுக்கிறது, இரண்டாவது தூண்டுகிறது. எது வெல்லும் என்பதைச் சொல்வது கிப்ஸின் கட்டிலா ஆற்றல் மாற்றம்:

ΔG = ΔH − TΔS

விடை எதிர்க்குறியானால் வினை தன்னிச்சையாக நடக்கும். வெப்பநிலை ஏற ஏற TΔS பெரிதாகிறது. அது ΔH-க்குச் சமமாகும் இடத்தில் ΔG சுழியம். அதுவே மாறும் வெப்பநிலை: T = ΔH/ΔS.

"இப்போ 1.11 கெல்வின் வருது!" என்றாள்.

அப்படியானால் மலையிலிருக்கும் கல்லெல்லாம் என்றோ சுண்ணாம்பாகியிருக்கும். என்தால்பி கிலோஜூலில், என்ட்ரோபி ஜூலில் என்பதை இம்முறை அவள் மறந்துவிட்டாள். 178.3-ஐ ஆயிரத்தால் பெருக்கி 160.6-ஆல் வகுத்தால் 1110 கெல்வின், அதாவது சுமார் 837 டிகிரி செல்சியஸ்.

சரிபார்க்க, அறை வெப்பநிலையான 298 கெல்வினைப் போட்டோம். ΔG = 178.3 − 47.9 = +130.4 kJ. நேர்க்குறி, அதனால் கல் கல்லாகவே கிடக்கிறது. 1200 கெல்வினில் 178.3 − 192.7 = −14.4 kJ. கல் பிரிகிறது.

இந்த 837 ஓர் மதிப்பீடுதான். அட்டவணை எண்கள் 25 டிகிரியில் அளந்தவை. வெப்பநிலையோடு அவையும் சிறிது மாறும். சுற்றிலும் கார்பன் டை ஆக்சைடு ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நிறைந்திருந்தால், உண்மையில் சுமார் 900 டிகிரி தேவைப்படுகிறது. காற்றோட்டம் அந்த வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருந்தால் அதற்கும் கீழேயே கல் பிரியும். ஆனால் எவ்வளவு நேரத்தில் பிரியும் என்பதை ΔG சொல்லாது. பெரிய கல்லின் நடுப்பகுதிவரை சூடு இறங்கக் காத்திருக்கத்தான் வேண்டும்.