எண்ணிப் பார்க்காத கல்லீரல்

டெங்கு வார்டில் காலையில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “இன்னிக்கு பிளேட்லெட் எவ்வளவு?” ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. ஒரு பிளேட்லெட்டின் ஆயுள் பத்து நாளைத் தாண்டுவதில்லை. அதனால் உடம்பு தினமும் ஏறக்குறைய 10,000 கோடியைப் புதிதாகச் செய்தாக வேண்டும்.

செய்கிற இடம் எலும்பு மஜ்ஜை. அங்கே மெகாகேரியோசைட் என்றொரு பூதாகரமான செல் இருக்கிறது. இரண்டாகப் பிரியாமலே தன் மரபணுத் தொகுப்பை மட்டும் மடங்கு மடங்காகப் பெருக்கிப் பருத்துவிடும். பிறகு பக்கத்து ரத்தக் குழாய்க்குள் நீள நீளமான இழைகளை விடும். ஓடும் ரத்தம் அவற்றைத் துண்டு துண்டாக முறித்துக்கொண்டு போகும். இடியாப்பம் பிழிகிற வேலைதான். ஒரு செல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் பிளேட்லெட்டுகள் கிடைக்கும்.

எவ்வளவு பிழிய வேண்டும் என்று மஜ்ஜைக்கு எப்படித் தெரியும்? கல்லீரல் திராம்போபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, பெரும்பாலும் ஒரே சீராக. எண்ணிக்கையை அது பார்ப்பதில்லை. ரத்தத்தில் சுற்றும் பிளேட்லெட்டுகளே அந்த ஹார்மோனைப் பிடித்து விழுங்கிவிடுகின்றன. அவை குறைந்தால் விழுங்க ஆளில்லை; மிஞ்சியது மஜ்ஜைக்குப் போய் மெகாகேரியோசைட்டுகளை வளர்க்கிறது.

இருவருக்கு எண்ணிக்கை 20,000 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மஜ்ஜையே வற்றிவிட்டது; ஹார்மோன் ரத்தத்தில் எக்கச்சக்கமாகத் தேங்கும். இன்னொருவருக்கு மஜ்ஜையில் குறையில்லை. சொந்த எதிர்ப்பு சக்தியே பிளேட்லெட்டுகளை அழிக்கிறது. இவருக்கு ஹார்மோன் அவ்வளவு ஏறாது. மஜ்ஜையில் நிறைந்திருக்கும் மெகாகேரியோசைட்டுகளும், பிறந்து பிறந்து அழியும் பிளேட்லெட்டுகளும் அதை விழுங்கிவிடும். இருப்பதே போதவில்லை என்பதால்தான், அந்த ஹார்மோனின் வேலையைச் செய்யும் எல்ட்ரோம்போபாக் மாத்திரை இவருக்கு உதவுகிறது.

ஆனால் எண்ணிக்கை மட்டும் ரத்தத்தை நிறுத்தாது. அரிவாள்மணையில் விரல் பட்டதும், அறுந்த குழாயின் சுவரில் பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு தங்கள் பைகளை அவிழ்க்கின்றன. அடர்பை ஒவ்வொன்றிலும் நாலைந்துதான் இருக்கும். அதிலிருந்து வரும் ஏடிபி, ஓடிக்கொண்டிருக்கும் பிளேட்லெட்டுகளைக் கூப்பிடும் (இதய நோயாளிகள் சாப்பிடும் க்ளோபிடோக்ரெல் தடுப்பது இந்த அழைப்பைத்தான்). செரட்டோனின் குழாயைச் சுருக்கும். கால்சியம் உறைதலுக்கு உதவும். ஆல்ஃபா பைகள் ஐம்பதுக்கு மேல். அவற்றிலுள்ள ஃபைப்ரினோஜனும் வான் வில்லிபிராண்ட் காரணியும் பிளேட்லெட்டுகளைப் பிணைக்கும், வளர்ச்சிக் காரணிகள் புண்ணை ஆற்றும். லைசோசோம் என்ற மூன்றாவது பை செரிக்கும் நொதிகளை விடும்.

ஹெர்மான்ஸ்கி-புட்லாக் என்ற பரம்பரை நோயில் அடர்பைகள் உருவாவதே இல்லை. நிறமிப் பைகளும் கெடுவதால் தோலும் முடியும் வெளுத்திருக்கும். புவர்த்தோ ரிக்கோ தீவில் இவர்கள் அதிகம். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. பரிசோதனைத் தாளிலோ பிளேட்லெட் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால்தான், கரும்புள்ளிகளாகத் தெரியவேண்டிய அந்தப் பைகள் இல்லாதது புலப்படும்.