பிதுங்கும் கண்ணும் பீடிப் புகையும்

ராமநாதபுரம் மாவட்டம் சிக்கல் வட்டாரத்தில் கண் சிவந்தால் யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் உப்புக்காற்றும் நாள்தோறும் பழகியவை. கண் கூசும், நீர் வடியும், உறுத்தும். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

சரியாகாத ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 45. நாளுக்கு ஒரு கட்டு பீடி. நாலைந்து மாதமாக நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, ராத்திரியில் தூக்கமில்லை. கண் உறுத்தலுக்கு இரண்டு வகைச் சொட்டு மருந்து போட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில் வீட்டுக்காரம்மா சொல்கிறார்: "என்னங்க, தூங்கும்போதுகூட உங்க கண்ணு முழுசா மூட மாட்டேங்குது. உள்ள வெள்ளை தெரியுது."

இந்த ஒரு வாக்கியத்தில் நோய்க்கான துப்பு இருக்கிறது. வெயிலால் வரும் சிவப்பில் இமை மூடாமல் போகாது. கண்ணாடி முன் நின்று நேராகப் பார்த்தால், சாதாரணமாக மேல் இமை கருவிழியின் மேல் விளிம்பைக் கொஞ்சம் மறைத்தபடி இருக்கும். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால் இமை மேலே இழுக்கப்பட்டிருக்கிறது அல்லது கண் முன்னால் தள்ளப்பட்டிருக்கிறது என்று பொருள். நாலைந்து வருடத்துக்கு முந்தைய வாக்காளர் அட்டைப் படத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கழுத்தில் கோளாறு, கண்ணில் வீக்கம்

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதற்கு மிகப் பொதுவான காரணம் கிரேவ்ஸ் நோய். டப்ளினைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் இதை விவரித்தார். இது உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய். தைராய்டு செல்களின் மேல் ஓர் ஏற்பி இருக்கிறது. மூளையடிச் சுரப்பி அனுப்பும் 'சுரக்கலாம்' என்ற கட்டளையை வாங்கிக்கொள்வது அதுதான். கிரேவ்ஸ் நோயில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் அந்த ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு, கட்டளையே இல்லாமல் சுரப்பியை ஓயாமல் சுரக்க வைக்கின்றன. நெஞ்சுப் படபடப்பும் உடல் இளைப்பும் இதனால் வருபவை.

கண்குழிக்குள் இருக்கும் இணைப்புத் திசு செல்களிலும் இதே ஏற்பி உண்டு. எதிர்ப்பொருள்கள் அவற்றையும் தூண்டிவிடுகின்றன. தூண்டப்பட்ட செல்கள் ஹையலுரோனான் என்ற பசைப்பொருளைச் சுரக்கின்றன. அது நீரை இழுத்துத் தேக்கிக்கொள்ளும். இன்னொரு பக்கம், அந்தச் செல்களில் சில கொழுப்புச் செல்களாகவே மாறிவிடுகின்றன. கண்ணை அசைக்கும் தசைகள் தடிக்கின்றன, பின்னால் உள்ள கொழுப்பு பெருக்கிறது. கண்குழியோ நான்கு பக்கமும் எலும்பு. வீங்கும் திசுவுக்கு விரிய இடம் முன்பக்கம் மட்டுமே. நுங்கை அடியிலிருந்து பெருவிரலால் நெம்பினால் குழியைவிட்டுப் பிதுங்கி வருமே, அப்படித்தான் கண்ணும் முன்னால் வருகிறது.

கிரேவ்ஸ் நோய் வந்த எல்லாருக்கும் கண் இப்படி ஆவதில்லை. லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிலையத்தில் 235 நோயாளிகளைப் பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 28 சதவீதம் பேருக்குக் கண் பாதிப்பு இருந்தது. பெரும்பாலும் லேசானதுதான். அதே எதிர்ப்பொருள் எல்லார் உடலிலும் ஓடும்போது சிலருக்கு மட்டும் கண் ஏன் மோசமாகிறது? இதற்கு இதுவரை கிடைத்த பதில்களில், நோயாளி தன் கையால் மாற்றக்கூடியவற்றில் முதலாவது புகை.

புகை உள்ளே என்ன செய்கிறது

1993இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், புகைப்பவர்களுக்குக் கிரேவ்ஸ் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கண் பாதிப்போடு சேர்ந்து வரும் வாய்ப்போ 7 மடங்குக்கும் மேல். கழுத்தைவிடக் கண்ணோடுதான் புகைக்கு நெருக்கம் அதிகம் என்பது இதில் தெரிகிறது.

ஆய்வகத்தில் கண்குழித் திசுவின் செல்களை வளர்த்து, அவற்றோடு சிகரெட் புகையின் சாற்றைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் செல்கள் ஹையலுரோனானை அதிகமாகச் சுரந்தன, அவற்றிலிருந்து கொழுப்புச் செல்களும் அதிகமாக உருவாகின. நோய் செய்யும் அதே இரண்டு வேலைகளையும் புகை கூடவே நின்று வேகப்படுத்துகிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஆக்சிஜனைக் குறைக்கிறது. ஆக்சிஜன் குறையும்போதும் இந்தச் செல்கள் வீக்கத்தின் பக்கமே சாய்கின்றன.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிகரெட்டை வைத்துச் செய்யப்பட்டவை. அதற்காகப் பீடிக்காரர்கள் நிம்மதி அடைய முடியாது. சுற்றிய இலை எளிதில் காற்றைக் கசிய விடாது. அடிக்கடி இழுக்காவிட்டால் பீடி அணைந்துவிடும் என்பதால் இழுப்பும் பலமாக இருக்கும். எனவே தார், நிக்கோட்டின், கார்பன் மோனாக்சைடு மூன்றையும் பீடி தாராளமாகவே நுரையீரலுக்குள் அனுப்புகிறது.

அதே மருந்து, வேறு வேறு பலன்

நம் சிக்கல்காரர் ராமநாதபுரத்தில் ரத்தப் பரிசோதனை முடித்து, மதுரையில் கண் மருத்துவரைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தைராய்டை அடக்கக் கார்பிமசோல் மாத்திரை. கண் வீக்கம் நடுத்தரத்துக்கு மேல், இன்னும் கொதிநிலையில் இருக்கிறது என்பதால் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ரத்தநாளம் வழியாக ஏற்றுகிறார்கள். வழக்கமான அளவு, வாரம் ஒருமுறை அரை கிராமாக ஆறு வாரம், பிறகு கால் கிராமாக ஆறு வாரம். மொத்தம் பன்னிரண்டு வாரம், நாலரை கிராம். இடையிடையே சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் பரிசோதனைகள். ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு ஆகிறது.

இவ்வளவும் செய்து, மருத்துவமனை வாசலில் ஒரு பீடியும் பற்றவைத்தால் என்ன ஆகும்? 1998இல் இத்தாலியின் பீசா நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. கண் பாதிப்பு கடுமையாக இருந்த 150 பேருக்கு ஒரே சிகிச்சை கொடுத்தார்கள். ஸ்டீராய்டும் கண்குழிக்குக் கதிர்வீச்சும். புகைக்காத 65 பேரில் 61 பேருக்குப் பலன் கிடைத்தது. புகைத்த 85 பேரில் 58 பேருக்குத்தான். அதாவது புகைக்காதவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு மருந்து கைவிட்டது, புகைத்தவர்களில் 32 பேருக்கு.

இதே குழு இன்னொன்றையும் கவனித்தது. தைராய்டை அடக்கக் கதிரியக்க அயோடின் மட்டும் பெற்றவர்களில், கண் நோய் முற்றியது புகைக்காத 68 பேரில் 4 பேருக்கு, புகைத்த 82 பேரில் 19 பேருக்கு. கிரேவ்ஸ் நோயாளி புகைப்பவர் என்றால், கதிரியக்க அயோடின் கொடுக்கும் முன் மருத்துவர்கள் தயங்குவதும், கொடுத்தால் ஸ்டீராய்டு மாத்திரையைத் துணைக்குச் சேர்ப்பதும் இதனால்தான். பீடிப் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்கும் நோயாளி, தன் கண்ணுக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்ற கணக்கையே தவறாகப் போட வைக்கிறார்.

விட்டால் பலன் உண்டா?

'இருபத்தைந்து வருசமா குடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?' என்ற கேள்விக்கு 1996இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு விடை தருகிறது. கண் பிதுங்கலோ இரட்டைப் பார்வையோ வரும் வாய்ப்பு, நாளுக்கு 10 சிகரெட் வரை புகைப்பவர்களுக்குச் சுமார் 2 மடங்கு, 11 முதல் 20 வரை என்றால் சுமார் 4 மடங்கு, 20க்கு மேல் போனால் 7 மடங்கு. ஆனால் முன்பு நிறையப் புகைத்து, பிறகு நிறுத்திவிட்டவர்களிடம் அந்தப் பெரிய ஆபத்து காணப்படவில்லை. வாழ்நாளில் மொத்தம் எத்தனை புகைத்தோம் என்பதைவிட, இன்றைக்கு எத்தனை புகைக்கிறோம் என்பதே கண்ணைத் தீர்மானிக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் பழைய வருடங்களின் கணக்கு நெடுநாள் துரத்தும். இந்தக் கண் நோயில் அப்படி இல்லை.

இதற்கு எல்லையும் உண்டு. பீடியை விட்டதும் பிதுங்கிய கண் மறுவாரமே உள்ளே போய்விடாது. நோயின் கொதிநிலை பொதுவாக ஒன்றரை முதல் மூன்று வருடம் வரை நீடித்து, பிறகு தானே அடங்கும். அதற்குள் தசை தழும்பாகி இறுகிவிட்டால், மிச்சமிருக்கும் பிதுங்கலுக்கும் இரட்டைப் பார்வைக்கும் அறுவைசிகிச்சைதான் வழி. அதையும் வரிசையாகத்தான் செய்வார்கள். முதலில் கண்குழி எலும்பைக் குறைத்து இடம் உண்டாக்குவது, அடுத்து மாறுகண் திருத்தம், கடைசியில் இமை. கொதிநிலை இருக்கும்போதே புகையை நிறுத்துவதன் லாபம், இந்த மூன்றில் எத்தனை தேவைப்படும் என்பதைக் குறைப்பதில் இருக்கிறது.

நிறுத்தும்போது இந்த நோயாளிகளுக்கென்றே ஒரு சிக்கல் வரும். பீடியை விட்ட முதல் சில வாரங்களில் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை வருவது இயல்பு. தைராய்டு கூடுதலாகச் சுரக்கும்போதும் அதே படபடப்பு, அதே எரிச்சல், அதே தூக்கமின்மை. இரண்டும் சேரும்போது, 'பீடி இல்லாம என்னால முடியல' என்று நோயாளி முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் பாதித் தொல்லை தைராய்டுடையது, மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அது தணியும். அதேபோல் தைராய்டு சீரானதும் இளைத்த உடம்பு மீண்டும் எடை போடும். பீடியை விட்டதால்தான் உடம்பு ஊதுகிறது என்று நினைத்து அதைத் திரும்பத் தொட வேண்டியதில்லை. ஏக்கம் தாங்கவில்லை என்றால் நிக்கோட்டின் சூயிங்கம், மாத்திரை எனத் துணைகள் இருக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும் நேரம் என்பதால் அவற்றை மருத்துவர் சொல்லியே எடுக்க வேண்டும்.

நம் பகுதியில் கிரேவ்ஸ் நோய் பெண்களுக்கே அதிகம், அவர்களில் பெரும்பாலோர் புகைப்பதில்லை. ஆனால் ஒரே அறையில் கணவரோ மகனோ விடும் புகையை அவர்களும் சுவாசிக்கிறார்கள். புகைக்கும் இளைஞர்கள் அதிகமுள்ள நாடுகளில், கிரேவ்ஸ் வந்த குழந்தைகளிடமும் கண் பாதிப்பு அதிகம் என்று ஐரோப்பிய மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே கண் பிதுங்கிய பெண்ணின் வீட்டில் பீடியை விடவேண்டியவர் பெரும்பாலும் அவருடைய கணவர்.

இந்தக் கண் நோய் உள்ளவர்கள் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு சிவப்புச் சேலையையோ தக்காளியையோ பாருங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளுத்துத் தெரிந்தால், பார்வை மங்கினால், அல்லது இமை மூடாமல் கருவிழி வறண்டு வலித்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது. வீங்கிய தசை பார்வை நரம்பை நெரித்துக்கொண்டிருக்கலாம் அல்லது கருவிழியில் புண் வந்திருக்கலாம். அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றவர்கள், தைராய்டு மாத்திரை தொடங்கும் நாளையே பீடியை விடும் நாளாகவும் வைத்துக்கொள்ளலாம். அரசின் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-112-356க்குக் கட்டணமில்லாமல் பேசலாம். மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டில் இந்த எண்ணும் ஒரு வரியாக இருந்தால், பன்னிரண்டு வாரக் கூலியை இழந்து ஏற்றிக்கொள்ளும் மருந்துக்கு அதன் முழுப் பலன் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.