திங்கள் காலை 5:30-க்குப் பிறக்கும் விலை

பங்குச் சந்தை காலையில் திறந்து மாலையில் மூடும். கிரிப்டோ சந்தை மூடுவதே இல்லை. ஆனாலும் அதற்கு வாரமும் மாதமும் உண்டு. பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளின் சார்ட்டில் யூடிசி நள்ளிரவில் நாள் மாறுகிறது. நமக்கு அது காலை 5:30. திங்கட்கிழமை அந்த நேரத்தில் நடக்கும் முதல் வியாபாரத்தின் விலை வார ஓபன். 1ஆம் தேதி அதே நேரத்து விலை மாத ஓபன். அடிக்கடி வாங்கி விற்பவர்கள் பலர் இந்த இரண்டு விலைகளிலும் கிடைக்கோடு போட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

டிரெண்ட் லைனை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் போடுவார்கள். ஓபன் விலையில் அந்தக் குழப்பம் இல்லை. ஒரு எக்ஸ்சேஞ்சில் எல்லோருக்கும் அது ஒன்றுதான், மாதம் முடியும்வரை நகராது. விலை அதற்கு மேலே இருந்தால் அந்த மாதக் கேண்டில் பச்சை, கீழே போனால் சிவப்பு. பலரும் ஒரே கோட்டைப் பார்ப்பதால் அதன் அருகே ஆர்டர்கள் குவிகின்றன.

2024 பிப்ரவரியில் பிட்காயின் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். மாத ஓபன் சுமார் 42,600 டாலர். முதல் நாளே விலை 42,000-க்குக் கீழே சறுக்கி, அன்றே கோட்டுக்கு மேல் ஏறிவிட்டது. 5ஆம் தேதி திங்கட்கிழமை பிறந்த வார ஓபனும் கிட்டத்தட்ட அதே 42,600. அன்றும் விலை சற்றுக் கீழே இறங்கி, கோட்டுக்கு மேலேயே நாளை முடித்தது. அதன்பின் ஏறத் தொடங்கி, மாதக் கடைசியில் 61,000-ஐத் தாண்டி நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது, விலை கோட்டைத் தொட்டதை அல்ல. கீழே போன விலை திரும்பி வந்து மேலே நிலைத்ததை. அதனால்தான் அனுபவசாலிகள் கேண்டிலின் வால் கோட்டைக் கடந்ததும் அவசரப்படுவதில்லை. நான்கு மணிநேரக் கேண்டிலோ தினக் கேண்டிலோ கோட்டுக்கு மேல் முடிகிறதா என்று காத்திருக்கிறார்கள். வாங்கினால், சமீபத்திய தாழ்விலைக்குச் சற்றுக் கீழே ஸ்டாப் லாஸ் வைக்கிறார்கள்.

ஆனால் 5ஆம் தேதி யாருக்கும் 61,000 தெரியாது. அந்தக் கோடு உடைந்திருக்கவும் கூடும். விலை பக்கவாட்டில் அலையும் மாதங்களில் இதே கோட்டை மேலும் கீழுமாகப் பலமுறை கடக்கும். ஒவ்வொரு முறையும் வாங்கி விற்பவருக்குக் கட்டணத்திலேயே பணம் கரையும். இந்தியாவில் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, ஒரு நஷ்டத்தை இன்னொரு லாபத்தில் கழிக்கவும் முடியாது. எனவே ஒரே வாரத்தில் விலை இரண்டு மூன்று முறை கோட்டைக் குறுக்கே கடந்துவிட்டால், அந்த வாரத்துக்கு அந்தக் கோட்டை நம்பி வாங்காமல் இருப்பதே நல்லது.