பில் எண் 4,260-லிருந்து தொடங்குங்கள்

கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிக்க மெக்கானிக் வந்து நிற்கிறார். கல்லாவில் இருப்பவர் “டேட்டா எல்லாம் D டிரைவ்ல இருக்கு” என்கிறார். பல நேரம் இருப்பதில்லை; டேட்டா C-யிலேயே கிடக்கும். அதனால் டேலிபிரைம் வைத்திருக்கும் கடைகளில் கல்லா ஓரம் ஒட்ட வேண்டிய அட்டைக்கு முதல் வரி இதுதான்: பில் போடுவதை நிறுத்து, கடைசி பில் எண்ணைத் தாளில் எழுது.

எண் எதற்கு? ஒரு மளிகைக் கடையில் காலையில் 4,212-ஆம் பில்லோடு பேக்கப் எடுத்துவிட்டு, மதியம் வரை 4,260 வரை பில் போட்டார்கள் என்று வையுங்கள். காலை பேக்கப்பை மீட்டால் அடுத்த பில் 4,213 என்றே வரும். 48 பில்கள் கணக்கில் இல்லை. அதே எண்கள் வேறு வாடிக்கையாளருக்கும் போகும். ஜிஎஸ்டி விதி 46 பில்லுக்கு ஒரு நிதியாண்டில் மறுபடி வராத தொடர் எண் கேட்கிறது.

நிறுத்திய பிறகுதான் பேக்கப். Alt+Y அழுத்தி Backup. ஒரே கடைக்கு இரண்டு மூன்று கம்பெனிகள் இருந்தால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும்; திறந்திருப்பதை மட்டும் எடுத்துவிட்டு, போன வருடக் கணக்கைத் தொலைத்தவர்கள் உண்டு. பென் டிரைவில் ஒன்று, முதலாளியின் லேப்டாப்பில் ஒன்று. அந்த லேப்டாப்பில் டேலியைப் போட்டு, Restore செய்து, 4,260-ஆம் பில் திறக்கிறதா என்று பாருங்கள். ஃபைல் இருப்பது மட்டும் பேக்கப் ஆகாது, திறக்க வேண்டும். டேலியின் ரிலீஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். புது ரிலீஸில் எழுதிய டேட்டாவைப் பழைய ரிலீஸ் திறக்காமல் போகலாம்.

அடுத்தது பெரும்பாலும் மறந்துபோகும் வேலை, லைசென்ஸை ஒப்படைப்பது: F1, Settings, License, Surrender License. இதற்கு நெட் வேண்டும். செய்யாமல் ஃபார்மட் அடித்தால், லைசென்ஸை மறுபடி எழுப்பும்போது சிக்கல் வரலாம். லைசென்ஸுக்குக் கொடுத்த மெயிலின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதும் இப்போதே தெரிய வேண்டும். அது பழைய ஆடிட்டர் வைத்த மெயிலாக இருந்தால் அன்றைய நாள் போச்சு!

ஃபார்மட் முடிந்ததும் அதே ரிலீஸையோ புதியதையோ நிறுவி, Reactivate License கொடுத்து, பிறகு Restore. லைசென்ஸ் ஏறியதா என்று சந்தேகமா? 15-ஆம் தேதி போட்டு ஒரு பில் முயன்று பாருங்கள். 1, 2, 31 தேதிகளை மட்டும் ஏற்றால் இன்னும் கல்விப் பயன்முறையில்தான் ஓடுகிறது. ஏறியிருந்தால் அந்தச் சோதனை பில்லைச் சேமிக்காமல் வெளியேறுங்கள்.

கடைசியாக, தாளில் எழுதிய எண்ணோடு திரையில் உள்ள கடைசி பில்லை ஒப்பிட்டு, இரண்டு சரக்கின் இருப்பையும் சரிபார்த்த பிறகே பிரிண்டர் டிரைவர். கம்ப்யூட்டர் இல்லாத மணிகளில் கை பில் போட்டிருந்தால், அதற்குத் தனி முன்னெழுத்து கொடுத்து, அதே எண்களோடு அன்று மாலையே டேலியில் ஏற்றிவிட வேண்டும்.